கடை அடைத்த பிறகு இருபது நிமிடம்
பஸ்ஸில் வந்து போகும் கடைச் சிப்பந்திகளுக்கு ஓர் உடற்பயிற்சித் திட்டம்

உடற்பயிற்சி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்கள்" என்று தொடங்குகிறார்கள். கடைக்குச் சொந்தக்காரராக இருந்து, கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கிறவருக்கு அது சரி. நம் கடையில் கணக்கு எழுதுகிறவர், பில் போடுகிறவர், பொட்டலம் மடிக்கிறவர் இவர்களுக்கு அது ஒத்துவராது. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரவு ஷட்டர் இறக்கி, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு வீட்டு வாசலை மிதிக்கிறவருக்கு மீதமிருப்பது சாப்பாடும் தூக்கமும்தான். இடையில் இருபது நிமிடம் தேறலாம். அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் மொத்த வியாபாரம் காந்தி மார்க்கெட்டில் நடக்கிறது. தில்லை நகரில் மூத்த மகன் ஒரு சில்லறை மளிகைக் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு வயது 46. வீடு ஸ்ரீரங்கத்தில். பதினாறு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய், இரண்டுக்கும் நடுவில் இருப்பது எல்லைக்கோடு என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். மாத்திரை எழுதவில்லை. "தினமும் நடங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"எப்ப நடக்கிறது முதலாளி? ராத்திரி பத்து மணிக்கு மேலே நடந்தா தெரு நாய்தான் கூட வரும்" என்றார் என்னிடம். நியாயமான கேள்வி. என் இளைய மருமகள் பிசியோதெரபி படித்தவள். அவளிடம் அனுப்பி வைத்தேன். அவள் போட்டுக் கொடுத்த திட்டத்தைத்தான் கீழே விவரமாக எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் அவளிடம் ஒருமுறை படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

லண்டன் பஸ்ஸில் நடந்த ஆராய்ச்சி

பஸ்ஸைப் பற்றிப் பேசுவதால் ஒரு பழைய செய்தி. உட்கார்ந்து வேலை செய்வதற்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு பஸ் ஆராய்ச்சிதான். ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். நாளொன்றுக்குப் பல நூறு படிகள். இருவருக்கும் ஒரே முதலாளி, ஒரே பஸ், ஒரே புகை, ஒரே தெரு. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தாலும் திடீர் மரணம் டிரைவர்களுக்கு நேர்ந்ததைவிடக் குறைவாக இருந்தது.

அந்த மனிதர் அதோடு விட்டுவிடவில்லை. டிரைவர் வேலைக்கு வருகிறவர்கள் முதலிலிருந்தே பருத்தவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று சந்தேகப்பட்டு, கம்பெனி கொடுத்த சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். இளம் வயதிலேயே டிரைவர்களுடைய இடுப்பு அதிகம் என்று தெரிந்தது. அதை மறைக்காமல் 1956இல் அதையும் வெளியிட்டார். கணக்கில் துண்டு விழுந்தால் மறைக்காமல் எழுதுகிற கணக்குப்பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அலுவலக ஊழியர்களிடமும் மற்றவர்களிடமும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உடல் அசைவுக்கே தனிப் பலன் உண்டு என்பதை நிலைநாட்டினார். அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். அந்தக் கண்டக்டர்கள் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை. நாளின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கினார்கள். நம் கணக்குப்பிள்ளைக்கும் நடையை அப்படித்தான் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

நடை பகலில், பலம் இரவில்

என் மருமகள் முதலில் கேட்டது, "அண்ணா, காலையிலேர்ந்து ராத்திரி வரை எத்தனை மணிக்கு எங்கே இருக்கீங்க, எழுதித் தாங்க" என்பதுதான். அவர் கணக்குப்பிள்ளை அல்லவா, கட்டம் கட்டி எழுதிக் கொடுத்தார். காலை 8.10க்கு வீடு. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாற வேண்டும். 9 மணிக்குக் கடை. மதியம் அரை மணி நேரச் சாப்பாடு, அதுவும் அதே நாற்காலியில். இரவு 8.30க்குக் கணக்கு முடித்தல். 9.30க்கு வீடு. கை கால் கழுவி 9.45. பத்தேகாலுக்குள் சாப்பாடு. பதினொன்றுக்குத் தூக்கம். கூட்டிப் பார்த்தால் பஸ்ஸில் இடம் கிடைக்கும் நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

முன்பெல்லாம் வங்கிக்குச் செலான் கட்டப் போவார், வரி ஆபீசுக்குப் போவார், வசூலுக்குப் போவார். இப்போது இவை அத்தனையும் செல்போனுக்குள் போய்விட்டன. வியாபாரத்துக்கு வசதிதான். அவருடைய காலுக்குத்தான் வேலை போய்விட்டது.

இருபது நிமிடத்தையும் நடைக்கே கொடுத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் வேண்டாம் என்றாள். காரணம் இது. நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகிறது. அந்தச் சரக்கை இறக்கி வைக்கும் பெரிய கிடங்கு நம் தசைகள். அதிலும் தொடையும் பிட்டமும்தான் பெரிய கிடங்குகள். நாற்பது வயதுக்குமேல் வேலை கொடுக்காத தசை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. கிடங்கு சிறிதானால் வந்த லாரி தெருவில் நிற்க வேண்டியதுதான். தசைக்கு நன்றாக வேலை கொடுத்தால், அன்றைக்கு மட்டுமல்லாமல் அடுத்த ஒரு நாள், இரண்டு நாள் வரைக்கும் அது சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் திறன் கூடியிருக்கும். அதனால் தினமும் செய்ய வேண்டியதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். நடையை வழியில் எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். தசைக்கான பயிற்சியைப் பஸ் நிறுத்தத்தில் செய்ய முடியாது. அதற்கு வீடும் நாற்காலியும் வேண்டும். ஆகவே இரவு இருபது நிமிடம் அதற்கு என்று முடிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் இதற்கு இடம் கொடுக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான நடை போன்ற அசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி என்பது அதன் கணக்கு. முன்பு, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லியிருந்தார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எட்டு நிமிட நடையும் கணக்கில் சேரும். பஸ்ஸில் போகிறவருக்கு இது பெரிய சலுகை.

அதன்படி, தில்லை நகருக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி எட்டு நிமிடம் நடக்கிறார். இரவு திரும்பும்போதும் அதே நிறுத்தம் வரை நடந்து போய்ப் பஸ் ஏறுகிறார். நாளுக்குப் பதினாறு நிமிடம், ஆறு நாளுக்கு 96 நிமிடம். காவிரிப் பாலத்தில் நடக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். வண்டி நெரிசலில் அந்த நேரத்துக்கு அங்கே நடக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நடையின் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம்.

திங்கள், புதன், வெள்ளி

இந்த மூன்று நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் தசைப் பயிற்சி. வந்தவுடன் கை கால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு 9.45க்குத் தொடங்குகிறார். சாப்பிட்ட பிறகு குனிந்து நிமிர்ந்தால் சோறு நெஞ்சுக்கு ஏறும், அதனால்தான் முன்னால். தூக்கம் கெடுமோ என்று நான் கேட்டேன். மாலையில் செய்யும் மிதமான பயிற்சியால் தூக்கம் கெடுவதில்லை, படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஓடி ஆடினால்தான் கெடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். இவர் பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முடித்துவிட்டு, பதினொன்றுக்குத்தான் படுக்கிறார்.

முதல் மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, தோளை முன்னும் பின்னும் சுழற்றுதல், இடுப்பை மெதுவாகத் திருப்புதல். பகல் முழுவதும் மடங்கியிருந்த மூட்டுகளுக்கு இது எண்ணெய் போடுவது போல. அதன் பிறகு நான்கு பயிற்சிகள்.

முதலாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தண்டால், பஸ்கி என்று பழைய பயில்வான்கள் செய்தார்களே, அந்த பஸ்கியின் எளிய வடிவம் இது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும், ஜாக்கிரதை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார்ந்து, ஒன்று என்பதற்குள் எழ வேண்டும். பத்து முறை. பலன் இருப்பது இறங்குவதில்தான். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் தொடைக்கு வேலையில்லை, முதுகுத்தண்டுக்குத்தான் அடி. முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கால் பெருவிரலை நோக்கி அல்ல, நடுவிரலை நோக்கி முழங்கால் வளைய வேண்டும்.

இரண்டாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, மார்பு உயரத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக வைத்துக்கொண்டு, முகம் சுவருக்கு அருகே வரும்வரை முழங்கையை மடக்கித் திரும்பத் தள்ள வேண்டும். இதுவும் பத்து. சுலபமாகிவிட்டால் சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்யலாம். அதுவும் சுலபமானால் தரைக்குப் போகலாம்.

மூன்றாவது நம் தொழிலுக்கு ஏற்றது. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கட்டைப்பையில் போட்டு, ஒரு கையை நாற்காலி இருக்கையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பில் முன்சாய்ந்து நின்று, மற்றக் கையால் பையைத் தரையிலிருந்து விலாவை நோக்கி இழுக்க வேண்டும். முழங்கை பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பத்து. நாள் முழுவதும் பேரேட்டிலும் கம்ப்யூட்டரிலும் குனிந்து கூன் விழுந்த தோளுக்கு இதுபோல மருந்து இல்லை என்பது என் மருமகள் கருத்து. கணக்குப்பிள்ளைக்கு மாலையானால் பிடரியில் இருந்த வலி இதனால்தான் குறைந்தது என்று அவரே சொல்கிறார்.

நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் பதித்து, குதிகாலால் அழுத்தி இடுப்பை மேலே தூக்குவது. மூன்று எண்ணும் வரை நிறுத்தி இறக்க வேண்டும். பத்து முறை. உட்கார்ந்து உட்கார்ந்து வேலை மறந்துபோன பிட்டத் தசையை எழுப்புவது இது. தொடையின் பின்புறம் பிடித்து இழுத்தால் குதிகாலை உடம்புக்கு இன்னும் அருகில் கொண்டு வர வேண்டும்.

இந்த நான்கையும் இடையில் கால் நிமிட ஓய்வு கொடுத்துச் செய்தால் ஒரு சுற்றுக்கு நான்கே கால் நிமிடம் ஆகிறது. மூன்று சுற்று பதின்மூன்று நிமிடம். முன்னால் மூன்று நிமிடம், கடைசியில் மூச்சை ஆற்றிக்கொள்ள மூன்று நிமிடம் சேர்த்தால் இருபதுக்குள் முடிகிறது. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்றுதான் செய்ய வேண்டும். ஆர்வத்தில் முதல் நாளே மூன்று சுற்றுச் செய்கிறவர், மறுநாள் பஸ் படி ஏற முடியாமல் அத்தோடு விட்டுவிடுவார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எழும்போதும் தள்ளும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு அது நல்லதல்ல. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியே போய்விடும். எங்கள் கணக்குப்பிள்ளை எண்ணும் சத்தத்தில் அவருடைய சின்ன மகள் எழுந்து வந்து தானும் எண்ணுகிறாளாம்.

செவ்வாய், வியாழன்

இந்த இரண்டு நாளும் முதலில் சாப்பாடு, பிறகு நடை. கை கழுவி ஒரு பத்து நிமிடம் கழித்துப் பதினைந்து நிமிட நடை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்தான் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. அந்த நேரத்தில் தசை அசைந்துகொண்டிருந்தால் ஏற்றம் அடங்குகிறது. சர்க்கரை வரக்கூடிய நிலையில் இருந்த வயதானவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2013இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடைதான் அந்த வேளைச் சர்க்கரையை அடக்குவதில் நன்றாக வேலை செய்தது. நம்மவர்கள் பலர் பெரிய சாப்பாட்டை இரவு பத்து மணிக்கு வைத்துக்கொண்டு உடனே சாய்கிறோம். அதனால் இது நமக்கு இன்னும் பொருந்தும்.

வேகமாக நடக்க வேண்டியதில்லை. உத்திர வீதியில் ஏழரை நிமிடம் போய் ஏழரை நிமிடத்தில் திரும்பி வருகிறார். நாய்த் தொல்லை இருக்கும் தெருவானால் மொட்டை மாடியில் நடக்கலாம். மழை நாளில் கூடத்திலேயே நடக்கலாம். ஆறு நாள் பஸ் நடை 96 நிமிடம், இந்த இரண்டு நாள் நடை 30 நிமிடம், ஆக 126. ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வாங்கப் போய் வரும் நடையில் மீதி 24 நிமிடம் வந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடையாது. வாரச் சம்பளமும் வார வியாபாரமும் சேர்ந்து வரும் அன்றைக்கு அவர் வீடு சேரவே பத்தரை ஆகிறது.

எது சரியான வலி, எது தப்பான வலி

முதல் இரண்டு வாரம் தொடையும் பின்புறமும் வலிக்கும். செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் அதிகமாக இருந்து, பிறகு தானாகக் குறையும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தசையின் நடுவில் வலிக்கும். இது வேலை கொடுத்த வலி, பயமில்லை. முழங்கால் மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, மறுநாள் மூட்டு வீங்குவது, முதுகிலிருந்து காலுக்கு மின்சாரம் போல இறங்குவது இவையெல்லாம் வேறு. அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். முழங்காலில் மட்டும் லேசாகக் குத்தினால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரம் கூட்டிச் செய்து பார்க்கலாம். உயரம் கூடினால் மூட்டுக்குப் பாரம் குறையும். எங்கள் கணக்குப்பிள்ளை முதல் மாதம் தலையணையோடுதான் செய்தார்.

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும், உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்து உயிரை விட்டவர்கள் நம் கடைத்தெருவிலேயே உண்டு.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மேலே சொன்ன வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு வெறும் வயிற்றில் தசைப் பயிற்சி செய்தால் அவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் அதன் அறிகுறிகள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அவர்களுக்கு என் மருமகள் சொல்வது, வாரநாள் ஐந்திலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை, தசைப் பயிற்சியை ஞாயிறு காலைப் பலகாரத்துக்குப் பிறகும், கடை விடுமுறை நாளிலும். அதையும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள் நடந்தாலும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

நின்றே வேலை செய்கிறவர்கள்

இந்தத் திட்டம் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கானது. கவுன்டரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையன்களுக்கு இதையே கொடுப்பது சரியல்ல. நிற்பது உடற்பயிற்சி என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். அசையாமல் நின்றால் ரத்தம் கெண்டைக்காலில் தேங்குகிறது. நரம்பு சுருண்டு புடைப்பது அப்படித்தான். அவர்களுக்கு இரவில் முதலில் தேவை, மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் ஐந்து நிமிடம் உயர்த்தி வைப்பது. பிறகு சுவர்த் தண்டாலும் பை இழுப்பதும் போதும். கடையில் நிற்கும்போது மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்கச் சொல்லலாம். உட்காரவும் விட வேண்டும். நம் மாநிலத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு செய்த திருத்தம், ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு இரவில் பயிற்சியே வேண்டாம், ஓய்வுதான் வேண்டும்.

முதலாளி தர வேண்டிய பதினைந்து நிமிடம்

இந்தத் திட்டம் நடப்பதும் நின்றுபோவதும் பாதிக்கு மேல் கடை அடைக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஊழியர் ஒழுங்காகச் செய்வதில்லை என்று குறை சொல்கிறவர்கள், அவர் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்கிறார் என்று கேட்பதில்லை. எங்கள் கடையில் 8.30க்குக் கல்லாவை எண்ணத் தொடங்கினால், கடைசி நேரப் பில்கள் வந்துகொண்டே இருந்து, பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்ற நாட்கள் நிறைய. மகன் ஒரு ஏற்பாடு செய்தான். எட்டேகாலுக்கு முதல் கல்லாவை மூடி எண்ணிவிடுவது. அதற்குமேல் வரும் வியாபாரம் இரண்டாம் கல்லாவில் மறுநாள் கணக்கில் சேரும். வியாபாரம் ஒரு ரூபாய் குறையவில்லை. கணக்குப்பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எட்டு நிமிட நடை அடங்கியிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் இந்த ஏற்பாடெல்லாம் நடக்காது. கடை பதினொன்று வரை திறந்திருக்கும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது, வீடு நிறைய உறவினர் வேறு. அந்த வாரங்களுக்கு என் மருமகள் ஒரு குறைந்தபட்சம் வைத்துக் கொடுத்தாள். காலையில் பல் தேய்த்தவுடன் ஒரே ஒரு சுற்று, நாலே கால் நிமிடம், வாரத்தில் இரண்டு நாள். ஏறிய பலத்தை இறங்காமல் பிடித்து வைக்க மூன்று வாரத்துக்கு அது போதும்.

பன்னிரண்டு வாரம் கழித்து அவருடைய கணக்கைப் பார்த்தோம். எடை 78 கிலோவிலிருந்து 76.5. இது பெரிதல்ல, பலரும் இதைப் பார்த்துத்தான் சோர்ந்துபோகிறார்கள். எடை இறங்குவது பயிற்சியைவிடச் சாப்பாட்டைப் பொறுத்தது. அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று முதல் நாளே எண்ணி வைத்திருந்தோம். அன்றைக்குப் பதினொன்று, இப்போது பதினாறு. சராசரிச் சர்க்கரை 5.8. இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துச் சுண்டல் சேர்த்துக்கொண்டதற்கும் அதில் பங்கு உண்டு, பயிற்சி ஒன்றே காரணம் என்று நான் எழுதமாட்டேன். 5.8 என்பதும் எல்லைக்கோட்டுக்குள்தான். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

பத்து முறை சுலபமானவுடன் பன்னிரண்டு, பன்னிரண்டு சுலபமானவுடன் பாரத்தைக் கூட்டிவிட்டு மறுபடி எட்டு என்பதுதான் ஏற்றும் முறை. கூட்டாமல் அதே பாரத்தில் ஆண்டுக்கணக்கில் செய்தால் தசை அதற்குப் பழகி நின்றுவிடும். கணக்குப்பிள்ளை இப்போது தலையணை இல்லாத நாற்காலியில், ஐந்து கிலோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறார். இழுக்கும் பை எட்டு கிலோவாகிவிட்டது. ஐந்து கிலோ அரிசிப் பையோடு மூன்று கிலோ துவரம்பருப்பைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.